ஒடுங்கும் குழாயின் படத்திலிருந்து நீரின் வேகம்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

திருகோணமலை உப்புவெளியில், எங்கள் முற்றத்துக் கொட்டிலில் உயர்தரப் பௌதிகவியல் படிக்க வரும் பிள்ளைகளுக்காக ஒரு குழாய் அமைப்பை ஒட்டிச் செய்தேன். தண்ணீர் ஓடும்போது போனில் அதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். அந்த ஒரே படத்தை வைத்து ஒவ்வொரு தொகுதிப் பிள்ளைகளும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதில்களையும் கீழே சேர்த்திருக்கிறேன்.

சேர், படத்தில எதை எதைப் பாக்கணும்?

மேசைமேல் கிடையாக ஒரு தெளிந்த அக்ரிலிக் குழாய் இருக்கிறது. இடப்பக்கம் அகலமான பகுதி, நடுவில் ஒடுங்கிய பகுதி, வலப்பக்கம் மறுபடியும் அகலமான பகுதி. இடப்பக்கத்து அகலம் ஒரு புனல் வடிவில் மெல்ல ஒடுங்கி நடுப்பகுதியோடு சேர்கிறது. நடுப்பகுதி வலப்பக்கத்துக் குழாயோடு சேரும் இடத்தில் புனல் இல்லை. நேராக ஒரு வட்டத் தட்டில் ஓட்டை போட்டு ஒட்டியது அது. இந்த வித்தியாசம் பிறகு ஒரு கேள்வியில் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பகுதியிலும் குழாயின் மேற்பக்கத்தில் சிறிய துளை போட்டு, அதில் ஒவ்வொரு மெல்லிய குழாயை நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறேன். அவற்றில் ஏறி நிற்கும் தண்ணீரின் உயரம்தான் அந்தந்த இடத்து அமுக்கத்தைச் சொல்கிறது. முதல் குழாயில் நீர்மட்டம் உயரம், நடுவில் உள்ளதில் தாழ்வு, மூன்றாவதில் இரண்டுக்கும் இடையில். படத்தில் நமக்கு வேண்டியவை இரண்டுதான்: குழாய்களின் அகலம், முதல் இரண்டு நீர்மட்டங்களுக்கும் இடையிலுள்ள உயர வித்தியாசம்.

குழாயை ஒடுக்கினா தண்ணி மெதுவாத்தானே போகணும்? நீங்க வேகம் கூடும் எண்டு சொல்றீங்க.

இதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. ஒரு குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் வாளி நிறைய அதிக நேரம் எடுக்கும். அதாவது ஒரு செக்கனில் வரும் லீற்றர் குறைகிறது. ஆனால் அதே நேரம் விரலிடுக்கால் வரும் தண்ணீர் முற்றத்தின் மறுபக்கம் வரை பாய்கிறது. வரும் அளவு குறைந்தது, அந்த இடத்து வேகம் கூடியது. இரண்டும் ஒன்றாக நடக்கலாம்.

நம் குழாயில் தண்ணீர் நிலையாக ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கும் கசிவு இல்லை, தண்ணீர் அமுங்கிச் சுருங்குவதும் இல்லை. ஆகவே அகலமான பகுதிக்குள் ஒரு செக்கனில் எவ்வளவு புகுகிறதோ, அவ்வளவும் அதே செக்கனில் ஒடுங்கிய பகுதியைக் கடந்தே ஆகவேண்டும். A குறுக்குவெட்டுப் பரப்பு, v வேகம், 1 அகலப் பகுதி, 2 ஒடுங்கிய பகுதி என்று வைத்தால், அதைத்தான் தொடர்ச்சிச் சமன்பாடு சொல்கிறது:

A1·v1 = A2·v2

அளவோடு பார்த்தால் பளிச்சென்று தெரியும். படம் எடுத்த அன்று செக்கனுக்கு சுமார் 172 கன சென்ரிமீற்றர் தண்ணீர் ஓடியது. அகலப் பகுதியின் உள்விட்டம் 24 மில்லிமீற்றர், குறுக்குவெட்டுப் பரப்பு 4.52 சதுர சென்ரிமீற்றர். அந்தத் தண்ணீரை ஒரு தடியாக நினைத்தால் அங்கே அதன் நீளம் 38 சென்ரிமீற்றர். நடுப்பகுதியின் உள்விட்டம் 12 மில்லிமீற்றர், பரப்பு 1.13 சதுர சென்ரிமீற்றர். அதே தடி அங்கே 152 சென்ரிமீற்றருக்கு நீள்கிறது, அந்த நீளம் முழுவதும் ஒரே செக்கனில் கடக்கிறது. விட்டம் பாதியானதும் வேகம் நான்கு மடங்காகிறது, ஏனென்றால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு போகிறது. படத்தில் கண்ணுக்குத் தெரிவது விட்டம் மட்டும் என்பதால் பலர் வேகத்தையும் இரண்டு மடங்கு என்றே எழுதிவிடுகிறார்கள்.

வேகம் கூடின இடத்தில அமுக்கம் கூடத்தானே வேணும்? நெருக்கிக்கொண்டு போற இடம்தானே அது?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆண்டு இல்லை, கேட்பதும் நியாயம். கோணேசர் கோயில் திருவிழாவுக்குப் போனவர்களுக்கு, வாசல் ஒடுங்கும் இடத்தில் சனம் எப்படி நெருக்கும் என்று உடம்பே சொல்லும். ஆனால் சனம் வாசலுக்கு முன்னால் தேங்கி நிற்கிறது, ஒருவரோடொருவர் ஒட்டி அடர்த்தியாகிறது, வேகம் குறைகிறது. தண்ணீர் தேங்கவும் மாட்டாது, அடர்த்தியாகவும் மாட்டாது. அந்த உவமையை இங்கே கொண்டுவந்தால் பிழையான பதில்தான் வரும்.

நியூற்றனின் விதியில் இருந்து பாருங்கள். புனல் வடிவான இடத்தில் ஒரு சிறு நீர்த்துண்டு இருக்கிறது. அது மெதுவாக வந்து வேகமாக வெளியேறுகிறது, அதாவது முன்னோக்கி ஆர்முடுகுகிறது. முன்னோக்கி ஆர்முடுக முன்னோக்கி ஒரு விசை வேண்டும். அந்த விசையைக் கொடுக்க அங்கே வேறு யாரும் இல்லை, பின்னால் உள்ள தண்ணீரும் முன்னால் உள்ள தண்ணீரும்தான். ஆகவே பின்பக்க அமுக்கம் முன்பக்க அமுக்கத்தை விடக் கூடுதலாக இருந்தே தீரவேண்டும். பின்பக்கம் என்பது அகலப் பகுதி, முன்பக்கம் ஒடுங்கிய பகுதி. வேகம் கூடியதால் அமுக்கம் குறைந்தது என்று சொல்வதை விட, அமுக்கம் குறைந்த பக்கம் நோக்கித் தள்ளப்பட்டதால் வேகம் கூடியது என்று சொல்வது எனக்குப் பிடிக்கும்.

இதையே சக்திக் காப்பாக எழுதினால் பேர்னூலியின் சமன்பாடு வருகிறது. இதில் p அமுக்கம், ρ தண்ணீரின் அடர்த்தி. குழாய் கிடையாக இருப்பதால் உயரம் பற்றிய உறுப்பு இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டுப் போகும்:

p1 + ½ρv1² = p2 + ½ρv2²

இதில் உராய்வால் சக்தி இழக்கப்படவில்லை என்ற எடுகோள் இருக்கிறது. அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை வாளிக் கேள்வியில் பார்ப்போம்.

சரி, கணக்கை ஒருக்கா முழுசாச் செய்து காட்டுங்க.

நிமிர்ந்த குழாய்களில் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. ஆகவே அமுக்க வித்தியாசம் p1 − p2 = ρgh. இங்கே h என்பது முதல் இரண்டு நீர்மட்டங்களின் வித்தியாசம், படத்தில் 12 சென்ரிமீற்றர். அமுக்க வித்தியாசம் 1000 × 9.81 × 0.12, அதாவது சுமார் 1177 பஸ்கால்.

இனி விட்டங்களின் விகிதத்தை r = D1/D2 என்போம். தொடர்ச்சியின்படி v2 = r²·v1. இதைப் பேர்னூலியில் பிரதியிட்டால்:

v1 = √( 2gh / (r⁴ − 1) )

r = 2 என்பதால் r⁴ = 16, கீழே 15. மேலே 2 × 9.81 × 0.12 = 2.354. வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் v1 = 0.396 மீற்றர்/செக்கன். v2 அதன் நான்கு மடங்கு, 1.585 மீற்றர்/செக்கன். பாய்ச்சல் வீதம் A1·v1 = 179 கன சென்ரிமீற்றர்/செக்கன்.

திருப்பிச் சரிபார்க்கும் பழக்கத்தை விடாதீர்கள்: ½ × 1000 × (1.585² − 0.396²) கிட்டத்தட்ட 1177 பஸ்கால் வருகிறது. மேலே கண்ட அமுக்க வித்தியாசமும் அதுதான். முந்திய பதிலில் செக்கனுக்கு 172 என்றேன், இங்கே 179 வந்திருக்கிறது. அது எழுத்துப் பிழை அல்ல. 172 வாளியில் அளந்தது, 179 உராய்வே இல்லையென்று கணக்குச் சொல்வது.

படத்தில அடிமட்டம் ஒண்டும் வைக்கேல்லையே. பிறகெப்பிடி 12 சென்ரிமீற்றர் எண்டு சொல்றீங்க?

குழாயே அடிமட்டம். அகலக் குழாயின் வெளிவிட்டத்தை வேணியர் இடுக்கிமானியால் முன்னமே அளந்திருந்தேன்: 30 மில்லிமீற்றர். படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் அந்தக் குழாயின் மேல் விளிம்பில் இருந்து கீழ் விளிம்பு வரை 240 படப்புள்ளிகள். ஆக ஒரு மில்லிமீற்றருக்கு 8 புள்ளிகள். இரண்டு நீர்மட்டங்களுக்கும் இடையே 960 புள்ளிகள், 8 ஆல் வகுத்தால் 120 மில்லிமீற்றர்.

சூத்திரத்தை ஒருமுறை கவனித்தால் ஒரு நல்ல விஷயம் தெரியும். விட்டங்கள் விகிதமாக மட்டுமே வருகின்றன. விகிதத்துக்கு அளவுத்திட்டம் தேவையில்லை, புள்ளிகளை புள்ளிகளால் வகுத்தாலே போதும். உண்மையான நீளமாகத் தேவைப்படுவது h ஒன்றுதான். வேகத்தோடு நிற்காமல் பாய்ச்சல் வீதமும் வேண்டுமென்றால் பரப்புக்காக ஒரு விட்டத்தின் உண்மை அளவும் தேவை.

அளவுத்திட்டமாக எடுக்கும் பொருளும் நிமிர்ந்த குழாய்களும் போனில் இருந்து ஒரே தூரத்தில் இருக்கவேண்டும். ஒரு பிள்ளை குழாய்க்குப் பின்னால் 5 சென்ரிமீற்றர் தள்ளி, சுவரில் அடிமட்டத்தை ஒட்டி, ஒரு மீற்றர் தூரத்தில் நின்று படம் எடுத்தார். பின்னால் இருக்கும் அடிமட்டம் படத்தில் சிறிதாகத் தெரியும், அதோடு ஒப்பிடும்போது h 5 சதவீதம் கூடிவிடும். h வர்க்கமூலத்துக்குள் இருப்பதால் வேகத்தில் அது இரண்டரை சதவீதமாகிறது. இரண்டு மீற்றர் பின்னால் போய், போனைப் பெரிதாக்கி, குழாய் படத்தின் நடுவில் வரும்படி எடுத்தால் இந்தத் தொல்லையும் விளிம்புகள் வளைவதும் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நான் படத்தில அளந்து பாத்தன் சேர். விகிதம் 2 வரேல்ல, 1.67 தான் வருது.

உங்கள் அளவு சரி, அளந்த பொருள்தான் வேறு. படத்தில் அகலக் குழாய் 240 புள்ளி, நடுக்குழாய் 144 புள்ளி. விகிதம் 1.67. ஆனால் அது வெளிவிட்டங்களின் விகிதம். தண்ணீர் ஓடுவது உள்ளே. இரண்டு குழாய்க்கும் சுவர்த் தடிப்பு 3 மில்லிமீற்றர். இரண்டு பக்கமும் கழித்தால் 30 இல் 24, 18 இல் 12. விகிதம் 2.

தடிப்பு இரண்டுக்கும் ஒன்றுதானே, வெட்டுப்பட்டுப் போகாதா என்று சிலர் கேட்பார்கள். ஒரே அளவைக் கழித்தால் விகிதம் மாறாமல் இருக்காது; சிறிய குழாயில் அந்த 6 மில்லிமீற்றர் மூன்றில் ஒரு பங்கு, பெரியதில் ஐந்தில் ஒரு பங்கு. விளைவும் சின்னதல்ல. 1.67 ஐ வைத்துக் கணக்கிட்டால் r⁴ 16 இல் இருந்து 7.7 ஆக விழுகிறது, v1 0.396 க்குப் பதிலாக 0.59 வருகிறது. ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கடையில் வாங்கும் வெள்ளை பிவிசி குழாயிலும் இதே கதைதான், மில்லிமீற்றரில் சொல்லும் அளவு அங்கேயும் வெளிவிட்டம். வெட்டிய முனையில் தடிப்பை அளக்காமல் படத்தை மட்டும் நம்பி இறங்கக்கூடாது.

தெளிந்த குழாய்தானே, உள்ளுக்கு தண்ணி நிக்கிற அகலத்தையே படத்தில அளந்தா என்ன?

அளக்க முடியாது, கண் ஏமாறும். நிறம் கலந்த தண்ணீரை ஓடவிட்டு உற்றுப் பாருங்கள். குழாயின் சுவரே இல்லாததுபோல, நிறம் கிட்டத்தட்ட வெளி விளிம்பு வரை நிரம்பித் தெரியும். வளைந்த அக்ரிலிக் சுவர் ஒரு வில்லையாக நடந்துகொள்கிறது.

தூரத்தில் இருந்து பார்க்கும்போது உட்துளை அதன் உண்மை விட்டத்தைப்போல, சுவர்ப் பொருளின் முறிவுச் சுட்டி மடங்கு அகலமாகத் தெரியும். அக்ரிலிக்குக்கு அது சுமார் 1.49. நடுக்குழாயில் 12 × 1.49 கிட்டத்தட்ட 18 மில்லிமீற்றர், வெளிவிட்டமும் அதேதான். அகலக் குழாயில் 24 × 1.49 வெளிவிட்டத்தையே தாண்டிவிடுகிறது, ஆகவே அங்கேயும் நிறம் விளிம்பு மட்டும் நிரம்பித்தான் தெரியும். ஆகவே நீங்கள் "தண்ணீரின் அகலம்" என்று அளப்பது உள்விட்டத்தை அல்ல, வெளிவிட்டத்துக்குக் கிட்டவான ஓர் அளவைத்தான், விகிதமும் மறுபடி 2 க்குக் குறையத்தான் வரும். உள்ளே பார்த்து அளந்தேன் என்ற நம்பிக்கையோடு அதே மாதிரிப் பிழை வருவதால் இதைக் கூடுதல் ஆபத்தாகவே நினைக்கிறேன்.

v1, v2 ரெண்டில எதை நம்பலாம்?

v2 ஐ. இந்தப் படத்தில் இருந்து கற்றுக்கொள்ளக்கூடிய மிகப் பயனுள்ள விஷயம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. v2 க்கான சூத்திரத்தை தனியாக எழுதிப் பாருங்கள்:

v2 = √( 2gh / (1 − 1/r⁴) )

r = 2 என்றால் 1/r⁴ என்பது 0.0625. ஒன்றில் இருந்து ஒரு சிறு துண்டைக் கழிக்கிறோம், அவ்வளவுதான். r இல் பிழை வந்தாலும் அந்தச் சிறு துண்டுதான் ஆடும். முந்திய பிழையான 1.67 ஐயே போட்டுப் பாருங்கள்: v2 1.585 க்குப் பதிலாக 1.645 வரும், 4 சதவீதம் மட்டுமே கூடுதல். அதே பிழை v1 ஐ ஒன்றரை மடங்காக்கியது. ஒடுங்கிய இடத்து வேகம் கிட்டத்தட்ட முழுவதுமாக h இல் இருந்து வருகிறது. அகல இடத்து வேகம் விகிதத்தின் நான்காம் அடுக்கில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஆனால் v2 நம்பகமானது, ஆகவே பாய்ச்சல் வீதமும் நம்பகமானது என்று முடிவு கட்டாதீர்கள். பாய்ச்சல் வீதத்துக்கு v2 ஐ A2 ஆல் பெருக்கவேண்டும், அங்கே சிறிய விட்டத்தின் வர்க்கம் மறுபடி உள்ளே வந்துவிடும். 12 மில்லிமீற்றரில் 0.3 மில்லிமீற்றர் பிழை விட்டால் v2 கால் சதவீதம், அரைச் சதவீதம் என்ற அளவிலேயே மாறும். பாய்ச்சல் வீதம் 5 சதவீதத்துக்கு மேல் மாறும். அதனால்தான் நடுக்குழாயின் உள்விட்டத்தை படத்தில் இருந்து எடுக்காமல், வெட்டு முனையில் இரண்டு திசையில் இடுக்கிமானி வைத்து அளக்கச் சொல்கிறேன்.

வாளி வச்சு நேரம் பாத்தா கணக்கை விடக் குறையத்தான் வருது. அப்ப பேர்னூலி பிழையா?

சமன்பாடு பிழையில்லை, உராய்வு இல்லை என்ற எடுகோள்தான் முழு உண்மை இல்லை. கணக்கின்படி 10 லீற்றர் வாளி 56 செக்கனில் நிறைய வேண்டும். அன்று 58 செக்கன் எடுத்தது. அதாவது 172 கன சென்ரிமீற்றர்/செக்கன், கணக்கில் வந்த 179 இன் 96 சதவீதம். மெல்ல ஒடுங்கும் புனல் வடிவத்துக்கு இது ஒழுங்கான பெறுமானம். இந்த 0.96 ஐ வெளியேற்றக் குணகம் என்பார்கள். குழாயில் பாய்ச்சல் அளக்கும் வெஞ்சூரிமானியையும் இப்படித்தான் உண்மை அளவோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள்.

அந்த 12 சென்ரிமீற்றரை இப்போது பிரித்துப் பார்க்கலாம். உண்மையான வேகங்கள் 0.381 உம் 1.524 உம். இவற்றின் இயக்கசக்தி வித்தியாசத்துக்கு 11.1 சென்ரிமீற்றர் போதும். மீதி 0.9 சென்ரிமீற்றர் புனலிலும், நடுக்குழாயில் துளைக்கு வரும் முன் உள்ள சிறு நீளத்திலும் உராய்வுக்குப் போயிற்று. படம் அந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. h முழுவதும் வேகத்துக்கே போனதாக நாம் எடுத்துக்கொள்கிறோம், அதனால் கணக்கு எப்போதும் உண்மையை விடக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லும். உங்கள் வாளி அளவு கணக்கை விடக் கூடுதலாக வந்தால் இயற்கையைக் குறை சொல்லாமல் விட்டத்தைத் திரும்ப அளந்து பாருங்கள்.

மூண்டாவது குழாயில மட்டம் ஏன் பழைய உயரத்துக்கு வரேல்ல? அகலம் பழையபடி வந்திட்டே.

சக்தி முழுவதும் காக்கப்பட்டிருந்தால் முதல் மட்டத்துக்கே வந்திருக்கும். அகலம் ஒன்று, வேகம் ஒன்று, ஆகவே அமுக்கமும் ஒன்று. ஆனால் படத்தில் அது நடு மட்டத்தை விட 4 சென்ரிமீற்றர் மட்டுமே ஏறியிருக்கிறது. விழுந்தது 12, மீண்டது 4.

வலப்பக்கச் சேர்க்கையில் புனல் இல்லை என்று முதல் பதிலில் சொன்னேனே, காரணம் அங்கேதான். நடுக்குழாயில் இருந்து 1.5 மீற்றர்/செக்கனில் வரும் நீர், திடீரென்று விரிந்த இடத்தில் சுவரோடு சேர்ந்து விரிய முடியாமல் ஒரு தாரையாக நேரே பாய்கிறது. சுற்றியுள்ள மூலைகளில் சுழிகள். பேனா மையில் ஒரு சொட்டு விட்டால் அந்த மூலையில் மை சுற்றிச் சுற்றி நிற்பதைக் காணலாம். இயக்கசக்தி அந்தச் சுழிகளுக்குள் போய் கடைசியில் மிகச் சிறிய வெப்பமாக முடிகிறது. திடீர் விரிவில் இழக்கப்படும் உயரத்துக்கு உந்தக் காப்பில் இருந்து ஒரு சூத்திரம் கிடைக்கிறது: (v2 − v1)²/2g. நம் எண்களைப் போட்டால் 6.7 சென்ரிமீற்றர். மீளக்கூடிய 11.1 இல் இருந்து அதைக் கழித்தால் 4.4, பிறகு கொஞ்சம் சுவர் உராய்வு. படத்தில் உள்ள 4 க்கு இது நன்றாகவே பொருந்துகிறது.

தொடர்ச்சிச் சமன்பாடு அந்தச் சுழிகளுக்குள்ளும் உடையவில்லை என்பதைக் கவனியுங்கள். தண்ணீர் எங்கும் தொலையவில்லை. தொலைந்தது பயன்படக்கூடிய சக்திதான். மூன்றாவது துளையை விரிவுக்கு மிகக் கிட்டப் போடவும் வேண்டாம், தாரை சுவரைத் தொடும் முன் எடுத்த மட்டம் எதையும் சொல்லாது. குழாயின் விட்டத்தைப்போல பத்து மடங்கு தள்ளிப் போடுங்கள்.

எங்கட வீட்டு மேல்தாங்கியில இருந்து நேரா எடுத்தம், நிமிர்ந்த குழாயால தண்ணி பீச்சி அடிச்சிட்டு. இன்னொரு நாள் நடுக்குழாயில குமிழி வந்திச்சு. ஏன்?

மேல்தாங்கி தரையில் இருந்து நாலு மீற்றர் உயரம் என்றால், வலப்பக்க வால்வைப் பூட்டியதும் நிமிர்ந்த குழாய்களில் தண்ணீர் அந்த நாலு மீற்றருக்கு ஏறப் பார்க்கும். உங்கள் குழாய் 80 சென்ரிமீற்றர்தான். நான் பாவிப்பது மேசைக்கு மேல் 60 சென்ரிமீற்றரில் வைத்த ஒரு பேசின். அதற்கு மேலிருந்து தண்ணீர் விட்டு, விளிம்பால் எப்போதும் கொஞ்சம் வழியவிடுவேன். வழியும் வரை மட்டம் மாறாது, படம் எடுக்கும்போது h ஆடாது.

குமிழிக் கதை நேர்மாறு. வலப்பக்கத்தை முழுவதும் திறந்து ஓட்டத்தைக் கூட்டினால் நடு மட்டம் இறங்கி இறங்கி, குழாய்க்குள்ளேயே போய்விடும். அப்போது அந்த இடத்து அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தை விடக் குறைந்துவிட்டது; நிமிர்ந்த குழாயால் காற்று உள்ளே இழுபடுகிறது. குமிழி வந்த பின் அந்தப் படத்தில் அளப்பதற்கு h என்று ஒன்று இல்லை. வலப்பக்க வால்வைக் கொஞ்சம் பூட்டினால் மூன்று மட்டமும் ஒன்றாக மேலே வரும், பிறகு எடுங்கள்.

மேசை சரிவா இருந்திட்டா என்ன செய்றது? பேர்னூலியில ρgh வேற சேர்க்கணுமே?

சேர்க்கத் தேவையில்லை, ஒரு நிபந்தனையோடு. h ஐ நீர்மட்டத்துக்கும் நீர்மட்டத்துக்கும் இடையில் அளந்தால், சரிவால் வரும் உறுப்பு அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. குழாய் ஒரு பக்கம் 2 சென்ரிமீற்றர் தாழ்ந்தால் அங்கே தண்ணீர் நிரல் 2 சென்ரிமீற்றர் நீளும், மேல் மட்டம் அசையாது. பிழை விடுபவர்கள் ஒவ்வொரு நிரலையும் குழாயில் இருந்து தனித்தனியாக அளந்து கழிப்பவர்கள்தான்.

சரிவு தொல்லை தராது, ஆனால் போன் சரிந்தால் தரும். படத்தில் எது கிடைக்கோடு என்று தெரியாமல் போய்விடும். இதற்கு நான் செய்வது: போனை ஒரு தாங்கியில் நிறுத்தி, வால்வைப் பூட்டி ஓட்டத்தை நிறுத்திவிட்டு முதலில் ஒரு படம். ஓட்டம் இல்லாதபோது மூன்று மட்டமும் ஒரே கிடைக்கோட்டில் நிற்கவேண்டும். மேசன்மார் தெளிந்த ரியூப்பில் தண்ணீர் விட்டு மட்டம் பார்ப்பதும் இதே விதிதான். பிறகு போனைத் தொடாமல் வால்வைத் திறந்து இரண்டாவது படம். முதல் படத்துக் கோட்டில் இருந்து ஒவ்வொரு மட்டமும் எவ்வளவு இறங்கியது என்று அளந்து, முதல் இரண்டின் இறக்கங்களைக் கழித்தால் h. ஓட்டம் நின்ற படத்திலேயே ஒரு மட்டம் மட்டும் விலகி நின்றால் அந்தத் துளையில் காற்று அடைத்திருக்கிறது. ரியூப்பை விரலால் தட்டுங்கள், குமிழி மேலே வரும்.

கடல் தண்ணி விட்டா விடை மாறுமா?

வேகத்தின் விடை மாறாது. v1 இன் சூத்திரத்தில் அடர்த்தியே இல்லை, ஏனென்றால் ஓடுவதும் கடல்நீர், நிமிர்ந்து நிற்பதும் கடல்நீர். மாறுவது பஸ்காலில் சொல்லும் அமுக்க வித்தியாசம்: கடல்நீரின் அடர்த்தி சுமார் 1025, ஆகவே அதே 12 சென்ரிமீற்றருக்கு 1177 க்குப் பதிலாக 1207. நிரலில் வேறு திரவம் இருந்தால்தான் அடர்த்திகளின் விகிதம் கணக்குக்குள் வரும்.

கிண்ணியாப் பாலத்தடியில தண்ணி இழுக்கிறதையும் மேலால எடுத்த படத்தில இப்பிடிக் கணக்குப் பாக்கலாமா?

தொடர்ச்சி அங்கேயும் பொருந்தும், ஆனால் மேலிருந்து எடுத்த படம் அகலத்தை மட்டுமே தருகிறது. வட்டக் குழாயில் அகலம் தெரிந்தால் பரப்பு தெரியும். நீரோட்டத்தில் ஆழம் தெரியாமல் பரப்பு தெரியாது. ஒடுங்கும் இடத்தில் அடி தோண்டப்பட்டு ஆழம் கூடியிருந்தால் வேகம் நீங்கள் நினைத்த அளவு கூடியிருக்காது. வற்று பெருக்கில் நீரோட்டமே மணிக்கு மணி மாறுவதால், நிலையான பாய்ச்சல் என்ற எடுகோளையும் ஒரு குறுகிய நேரத்துக்குத்தான் எடுக்கலாம்.

அமுக்கம் பற்றிய பாதியும் வேறு. நீரின் மேற்பரப்பு திறந்திருக்கிறது, அங்கே எங்கும் வளிமண்டல அமுக்கம்தான். ஆகவே வேகம் கூடும் இடத்தில் அமுக்கத்துக்குப் பதிலாக நீர்மட்டமே சற்று இறங்கும். ஓட்டம் அரை மீற்றர்/செக்கனில் இருந்து ஒரு மீற்றர்/செக்கனுக்குக் கூடினால் அந்த இறக்கம் (1² − 0.5²)/2g, அதாவது 4 சென்ரிமீற்றர் கூட வராது. சிற்றலைகளுக்கு நடுவே அந்த 4 சென்ரிமீற்றரைப் படத்தில் கண்டுபிடிக்க முடியாது. அங்கே மிதக்கும் ஒரு தேங்காய் மட்டையை வீடியோ எடுத்து, இரண்டு தூண்களுக்கு இடையிலுள்ள தூரத்தை நேரத்தால் வகுப்பதுதான் நேர்வழி.